பத்தியிலிருந்து கேன்ட் அட்டவணை: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

ஒவ்வொரு வேலையையும் அதன் நாள்களுக்கேற்ற நீளமுள்ள பட்டையாக வரைந்து காட்டுவது கேன்ட் அட்டவணை. ஆனால் வேலைத் திட்டம் நம் கைக்கு அட்டவணையாக வந்து சேர்வதில்லை. ஒரு மூச்சில் பேசிய பேச்சாகத்தான் வருகிறது. மாடி வீட்டுக்குத் தளம் போடும் வேலை ஒன்றுக்காக எங்கள் மேஸ்திரி சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தேன்:

"சென்ட்ரிங் அடிக்க நாலு நாள் ஆகும். அது முடிந்ததும் கம்பி கட்டுவோம், மூன்று நாள். கம்பி கட்ட ஆரம்பித்த மறுநாளே எலக்ட்ரீஷியன் வந்து பைப் போடலாம், அவருக்கு இரண்டு நாள் போதும். இரண்டும் முடிந்து இன்ஜினீயர் பார்த்துச் சரி என்று சொல்ல ஒரு நாள். மறுநாள் கான்கிரீட். கான்கிரீட் போட்டுப் பதினாலு நாள் கழித்துத்தான் சென்ட்ரிங் பிரிக்க வேண்டும், அதற்கு இரண்டு நாள். கைப்பிடிச் சுவர் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், கான்கிரீட் போட்ட மூன்றாம் நாள் தொடங்கிவிடலாம், நாலு நாள் வேலை. பிரித்த பிறகு உள்பூச்சு, ஆறு நாள். ஜன்னல் கிரில் பூச்சுக்கு முன்பே வந்து பதித்தாக வேண்டும். பட்டறையில் பத்து நாள் கேட்கிறார்கள்."

ஞாயிறு மட்டும் விடுமுறை. தொடக்கம் 2026 பிப்ரவரி 2, திங்கள்கிழமை. கிரிலுக்கு 9ஆம் தேதி முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. இதிலிருந்து கடைசியில் கிடைத்த அட்டவணை இது:

| எண் | வேலை | தொடக்கம் | நாள் | முன்வேலை |
|---|---|---|---|---|
| 1 | சென்ட்ரிங் அடித்தல் | 02-பிப் | 4 | |
| 2 | கம்பி கட்டுதல் | 06-பிப் | 3 | 1 |
| 3 | எலக்ட்ரிக்கல் பைப் | 07-பிப் | 2 | 2SS+1d |
| 4 | இன்ஜினீயர் பார்வை | 10-பிப் | 1 | 2,3 |
| 5 | கான்கிரீட் | 11-பிப் | 1 | 4 |
| 6 | சென்ட்ரிங் பிரித்தல் | 26-பிப் | 2 | 5FS+14ed |
| 7 | கைப்பிடிச் சுவர் | 13-பிப் | 4 | 5FS+1ed |
| 8 | கிரில் செய்து பதித்தல் | 09-பிப் | 10 | |
| 9 | உள்பூச்சு | 28-பிப் | 6 | 6,8 |

முன்வேலை நெடுவரிசையில் வெறும் எண் இருந்தால், அந்த வேலை முடிந்த பிறகு இது தொடங்கும் என்று பொருள். `FS` என்று எழுதினாலும் அதே பொருள்தான். `SS` என்றால் அது தொடங்கினால் இதுவும் தொடங்கலாம். கூட்டல் குறிக்குப் பின்னால் வருவது இடைவெளி: `d` என்றால் வேலை நாள், `ed` என்றால் விடுமுறையும் சேர்ந்த நாள்காட்டி நாள். இவை எம்.எஸ். ப்ராஜெக்ட் மென்பொருள் படிக்கும் குறிகள். எக்செல்லில் செய்கிறவர்களுக்கும் இதே குறிகளில் எழுதி வைப்பது நல்லது, பிறகு மாற்றி எழுத வேண்டியிருக்காது.

பார்ப்பதற்கு ஐந்து நிமிட வேலையாகத் தெரியும். முதல் முறை எனக்கு நான்கு இடங்களில் பிசகியது, பிறகு பிறருடைய அட்டவணைகளிலும் அதே பிசகுகளைப் பார்த்தேன். படத்தில் என்ன தெரிகிறதோ அதிலிருந்து காரணத்துக்குப் போகலாம்.

ஒரு வேலையின் நாளை மாற்றினால் மற்றவை அசையவே இல்லை

எல்லாவற்றிலும் அதிகம் காணப்படுவது இதுதான். சென்ட்ரிங் நான்கு நாளுக்குப் பதில் ஆறு நாள் என்று மாற்றுகிறீர்கள். முதல் பட்டை நீள்கிறது, கம்பி கட்டும் பட்டை இருந்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

காரணம், தொடக்கம் என்ற நெடுவரிசையில் தேதிகளைக் கையால் தட்டியிருப்பீர்கள். பத்தியைப் படிக்கும்போதே மனக்கணக்குப் போட்டு, "அப்படியென்றால் கம்பி வெள்ளிக்கிழமை" என்று எழுதிவிடுகிறோம். தொடக்கத் தேதி என்பது விடை. கேள்வியோடு சேர்த்து விடையையும் நாமே எழுதிவிட்டால் கணக்குப் போடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மேலே உள்ள அட்டவணையில் கையால் தட்டிய தேதிகள் இரண்டே: முதல் வேலைக்கு ஒன்று, முன்வேலை இல்லாத கிரிலுக்கு ஒன்று. மற்ற ஏழும் கணக்கிலிருந்து வந்தவை.

எக்செல்லில் எண், வேலை, தொடக்கம், நாள், முன்வேலை ஆகியவை A முதல் E வரையும், முடிவுத் தேதி F நெடுவரிசையிலும் இருக்கட்டும். முதல் வரி தலைப்பு என்பதால், வேலை எண்ணைவிட வரி எண் ஒன்று கூடுதலாக இருக்கும். முடிவுத் தேதிக்கான சூத்திரம் எல்லா வரிக்கும் ஒன்றே:

```
F2: =WORKDAY.INTL(C2-1,D2,11)
```

கடைசியில் உள்ள 11, ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான எண். சனியும் ஞாயிறும் விடுமுறை என்றால் 1. பண்டிகை நாள்கள் இருந்தால் அவற்றைத் தனியே ஒரு பட்டியலாக எழுதி, நான்காவது மதிப்பாகக் கொடுக்கலாம். தொடக்கத் தேதிக்கான சூத்திரம் முன்வேலையைப் பொறுத்து மாறும்:

```
C3:  =WORKDAY.INTL(F2,1,11)
C4:  =WORKDAY.INTL(C3,1,11)
C5:  =WORKDAY.INTL(MAX(F3,F4),1,11)
C6:  =WORKDAY.INTL(F5,1,11)
C7:  =WORKDAY.INTL(F6+14,1,11)
C8:  =WORKDAY.INTL(F6+1,1,11)
C10: =WORKDAY.INTL(MAX(F7,F9),1,11)
```

ஒரு வரியைக் கையால் சரிபார்த்துவிடுங்கள். கம்பி வேலை 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை தொடங்கி மூன்று நாள்: வெள்ளி, சனி, திங்கள். F3இல் 9ஆம் தேதி வந்தால் சரி. 8 வந்தால் ஞாயிறு விடுபடவில்லை.

எம்.எஸ். ப்ராஜெக்டில் இதே நோய் வேறு வேடத்தில் வரும். அங்கே தொடக்கத் தேதியை நீங்கள் தட்டினால், "இந்தத் தேதிக்கு முன் தொடங்காதே" என்ற கட்டுப்பாட்டை மென்பொருள் சத்தமில்லாமல் போட்டுவிடும். `Start No Earlier Than` என்பது அதன் பெயர். இதன் விளைவு விநோதமானது. முன்வேலை தாமதமானால் பட்டை தள்ளிப்போகும், எனவே எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். முன்வேலை சீக்கிரம் முடிந்தால் மட்டும் பட்டை முன்னால் வராது. வரியின் இடப்பக்கம் சின்ன நாள்காட்டிப் படம் தெரிந்தால் அங்கே கட்டுப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். அந்த வரியை `As Soon As Possible` என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும். கிரில் வரிக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு நியாயமானது, ஏனென்றால் 9ஆம் தேதிக்கு முன் கையில் பணம் இல்லை. பட்டை இரு பக்கமும் அசையாவிட்டால் வேலை `Manually Scheduled` என்று இருக்கும். அதை `Auto Scheduled` ஆக்க வேண்டும்.

சென்ட்ரிங் பிரிப்பது ஒரு வாரம் தள்ளிப்போகிறது

என்னை நிஜமாகவே திணறடித்தது இது. அட்டவணை பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்தது, எந்தப் பட்டையும் இன்னொன்றின் மேல் ஏறவில்லை. ஆனால் சென்ட்ரிங் பிரிப்பு மார்ச் 5 என்று காட்டியது. மேஸ்திரியிடம் சொன்னேன். "எதற்கு சார் அவ்வளவு நாள் பலகை வாடகை கட்ட வேண்டும்?" என்றார்.

பதினான்கு நாள் என்பதை `5FS+14d` என்று எழுதியிருந்தேன். `d` என்றால் வேலை நாள். நாள்காட்டியையும் மாற்றாமல் விட்டிருந்தேன், அதில் சனியும் ஞாயிறும் விடுமுறை. எனவே கான்கிரீட்டே 12ஆம் தேதிக்குப் போனது, அதன் பிறகு பதினான்கு வேலை நாள் எண்ணி மார்ச் 5இல் நின்றது. சனிக்கிழமையை வேலை நாளாக்கியதும் கான்கிரீட் 11ஆம் தேதிக்கு வந்தது, பிரிப்பது பிப்ரவரி 28. அப்போதும் இரண்டு நாள் அதிகம்.

அந்த இரண்டு நாள், நடுவில் வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். சிமெண்டுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. கான்கிரீட் இறுகுவது ஆள் வருவதைப் பொறுத்ததல்ல, மணிக்கணக்கைப் பொறுத்தது. இந்தப் பதினான்கும் மேஸ்திரி கைப்போக்கில் சொன்ன எண் அல்ல. இந்தியக் கட்டுமானத் தரநிலை IS 456:2000, சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டில் போட்ட தளத்துக்கு, இடைத்தூரம் 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாளும், அதற்கு மேல் என்றால் 14 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்கிறது. எங்கள் கூடம் 4.5 மீட்டரைத் தாண்டியது. வேறு வகைச் சிமெண்ட் என்றால் இந்தக் கணக்கு மாறலாம், அதைச் சொல்ல வேண்டியவர் இன்ஜினீயர். நம் அட்டவணைக்குத் தெரிய வேண்டியது, இவை நாள்காட்டி நாள்கள் என்பது மட்டும்தான்.

எம்.எஸ். ப்ராஜெக்டில் அதற்கு `14ed` என்று எழுத வேண்டும். எக்செல்லில் 14ஐ `WORKDAY.INTL`க்கு உள்ளே எண்ணச் சொல்லாமல், F6உடன் நேராகக் கூட்டிவிட்டு, வரும் தேதிக்கு அடுத்த வேலை நாளை மட்டும் கேட்க வேண்டும். 11உடன் 14 சேர்த்தால் 25, அடுத்த வேலை நாள் 26. மேலே உள்ள C7 சூத்திரம் அதைத்தான் செய்கிறது.

பத்தியைப் படிக்கும்போதே இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: அந்த நாள்களில் யாராவது வேலை செய்கிறார்களா? ஆள் வேலை செய்யும் நாள் என்றால் `d`. வெறுமனே காத்திருக்கும் நாள் என்றால், அதாவது இறுகுவது, உலர்வது, சாயம் காய்வது போன்றவை, `ed`. இடைவெளியாக வருபவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

ஒரு நாள் வித்தியாசம்: "மூன்றாம் நாள்"

கைப்பிடிச் சுவரைத் தொடங்குவது 13ஆம் தேதியா, 14ஆம் தேதியா, 15க்குப் பிறகா? "கான்கிரீட் போட்ட மூன்றாம் நாள்" என்றார். நம் ஊரில் மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று எண்ணும்போது நிகழ்ச்சி நடந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். "மூன்று நாள் கழித்து" என்றால் அந்த நாள் சேராது, நடுவில் முழுதாக மூன்று நாள் போக வேண்டும். ஒரே எண், இரண்டு நாள் வித்தியாசம். சென்ட்ரிங் பிரிப்புக்கு அவர் "கழித்து" என்றார், சுவருக்கு "நாள்" என்றார். கவனக்குறைவாகப் பேசியவர் அல்ல, வேண்டுமென்றேதான் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

சந்தேகம் வந்தால் எண்ணைக் கேட்காதீர்கள், கிழமையைக் கேளுங்கள். "புதன்கிழமை கான்கிரீட் போட்டால் சுவர் எந்தக் கிழமை?" என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை காலை" என்றார். நடுவில் வியாழன் மட்டும் காலி, ஆகவே `5FS+1ed`. மூன்றாம் நாள் என்பது அட்டவணையில் ஒன்றாகிவிட்டது. இதை விளக்காமல் இன்னொருவரிடம் கொடுத்தால், தவறு என்று நினைத்து அவர் மூன்றாகத் "திருத்தி"விடுவார். எனவே அந்தக் கட்டத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன்.

சம்பந்தமில்லாமல் ஒரு பட்டை தனியே நிற்கிறது

கிரில் பட்டை. என் முதல் படத்தில் அது 2ஆம் தேதி சென்ட்ரிங்கோடு சேர்ந்து தொடங்கி, யாரோடும் ஒட்டாமல் தனியாகக் கிடந்தது. கிரில் வராமலே உள்பூச்சு தொடங்கலாம் என்று படம் சொல்லிக்கொண்டிருந்தது.

"முன்பே" என்ற சொல்தான் இங்கே கண்ணில் மண்ணைத் தூவுகிறது. "பிறகு", "முடிந்ததும்", "கழித்து" எல்லாம் பேசிக்கொண்டிருக்கும் வேலைக்கே முன்வேலையைத் தரும். "முன்பே" வந்தால் கட்டளை திசை திரும்பிவிடுகிறது. வாக்கியம் கிரிலைப் பற்றியது, ஆனால் முன்வேலை எழுத வேண்டிய வரி உள்பூச்சு. எனவே 9ஆம் வேலைக்கு 8ஐச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே அங்கே 6 இருப்பதால் `6,8` ஆகிறது. "பிரித்த பிறகு உள்பூச்சு" என்ற வாக்கியத்திலிருந்து 6 வந்தது, அதற்கு அடுத்த வாக்கியத்திலிருந்து 8 வந்தது. ஒரு வரியின் முன்வேலைகள் பத்தியின் இரு வேறு இடங்களில் சிதறிக் கிடப்பது சாதாரணம்.

இப்படித் தொங்குபவற்றைப் பிடிக்க இரண்டு தேடல்கள் போதும். முன்வேலை காலியாக உள்ள வேலைகள் எவை? இங்கே 1, 8. இரண்டுக்கும் காரணம் சொல்ல முடிகிறது. யாருடைய முன்வேலையிலும் இடம்பெறாத எண்கள் எவை? இங்கே 7, 9. உள்பூச்சு கடைசி வேலை, சுவருக்குப் பின்னால் எதுவும் சொல்லப்படவில்லை. காரணம் சொல்ல முடியாத எண் ஒன்று மிஞ்சினால், பத்தியில் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டீர்கள்.

இதைச் சரிசெய்த பிறகு கிடைத்தது ஒரு பயனுள்ள தேதி. பூச்சு 28ஆம் தேதி தொடங்க வேண்டும் என்றால் கிரில் 27க்குள் பதிக்கப்பட வேண்டும். அங்கிருந்து பத்து வேலை நாள் பின்னோக்கி எண்ணினால் 17ஆம் தேதி. அதற்குள் பட்டறையில் வேலை தொடங்காவிட்டால் பூச்சு தள்ளிப்போகும். 9ஆம் தேதி என்பது அவசரம் இல்லை, ஆனால் 17 என்பது எல்லை.

எலக்ட்ரீஷியன் கம்பிக்குப் பின்னால் போய் நிற்கிறார்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "ஆரம்பித்த" என்ற சொல்லைக் கண்ணில் விட்டுவிட்டு, முன்வேலையில் வெறும் 2 எழுதியிருப்பீர்கள். `2SS+1d` என்று மாற்றினால் பைப் வேலை 10ஆம் தேதியிலிருந்து 7ஆம் தேதிக்கு வந்துவிடும். எக்செல்லில் முடிவுத் தேதியான F3ஐ விட்டுவிட்டுத் தொடக்கத் தேதியான C3ஐப் பார்க்க வேண்டும். ஆனால் கான்கிரீட்டுக்கு முந்தைய பார்வைக்கு 3ஐ மட்டும் முன்வேலையாக வைத்துவிடாதீர்கள். இந்த முறை கம்பியும் பைப்பும் ஒரே நாளில் முடிகின்றன என்பதால் தவறு வெளியே தெரியாது. கம்பி வேலை ஒரு நாள் இழுத்தால், கம்பி கட்டி முடியாத தளத்தை இன்ஜினீயர் பார்த்துப் போய்விடுவார், படத்தில் மட்டும்.

சுற்றி வருகிறது என்ற எச்சரிக்கை

"இன்ஜினீயர் குறை சொன்னால் கம்பியைத் திருத்த வேண்டும்" என்ற வாக்கியமும் பத்தியில் இருந்தால், சிலர் 2ஆம் வேலைக்கு முன்வேலையாக 4ஐ எழுதிவிடுகிறார்கள். 2 முடிந்தால் 4, 4 முடிந்தால் 2. எக்செல் சுற்று மேற்கோள் என்று எச்சரிக்கும், எம்.எஸ். ப்ராஜெக்ட் ஏற்றுக்கொள்ளவே மறுக்கும். கேன்ட் படத்துக்குத் திரும்பிப் போகத் தெரியாது. "என்றால்", "-ஆல்" என்று வரும் நிபந்தனை வாக்கியத்தைத் தொடர்பாக எழுதாதீர்கள். "திருத்தம், 1 நாள்" என்று 4க்கும் 5க்கும் நடுவில் ஒரு புது வேலையாகப் போடுங்கள். அதற்கு முன்வேலை 4, கான்கிரீட்டுக்கு முன்வேலை அது. தேவைப்படாவிட்டால் அந்த நாளை 0 ஆக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். 0 கொடுத்தால் மேலே உள்ள முடிவுச் சூத்திரம் தொடக்கத்துக்கு முந்தைய தேதியைத் தரும். கான்கிரீட்டின் முன்வேலையையும் தொடக்கச் சூத்திரத்தையும் மறுபடி 4க்கே திருப்பிவிட்டு, வரியையே எடுத்துவிடுங்கள்.

முன்வேலை எண்கள் தேதியாகின்றன, அல்லது வேறு வேலையைக் காட்டுகின்றன

`2-3` என்று தட்டினால் எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். தட்டும் முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் `Text` ஆக்கிவிட்டு, கோடு போடாமல் காற்புள்ளியால் பிரியுங்கள். CSV கோப்பாகச் சேமித்தால் `"2,3"` என்று மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 3 அடுத்த நெடுவரிசைக்கு ஓடிவிடும்.

நடுவில் ஒரு வரியைச் செருகினால் எக்செல் சூத்திரங்கள் தாமாகவே மாறிக்கொள்ளும், ஆனால் E நெடுவரிசையில் நீங்கள் எழுத்தாகத் தட்டிய எண்கள் மாறாது. படம் சரியாக இருக்கும், எழுத்து பொய் சொல்லும். எனவே மேலே சொன்ன திருத்த வேலைக்கு 10 என்று எண் கொடுங்கள். மற்றவற்றை வரிசைப்படுத்தத் தேவையில்லை. ஆனால் எம்.எஸ். ப்ராஜெக்ட் வரிசை எண்ணைத்தான் முன்வேலையாகப் படிக்கும். அங்கே கொண்டுபோகும்போது 10ஆம் வேலையைப் பட்டியலின் கடைசியிலேயே வைத்துவிடுங்கள்.

தேதி சரி, பட்டை மட்டும் குட்டையாக இருக்கிறது

எக்செல்லில் அடுக்குப் பட்டைப் படம் போட்டுக் கேன்ட் வரைபவர்களுக்கு மட்டும் இது. உள்பூச்சு பிப்ரவரி 28 சனிக்கிழமை தொடங்கி மார்ச் 6 வெள்ளிக்கிழமை முடிகிறது. பட்டை 5ஆம் தேதியிலேயே முடிந்துவிடுகிறது, ஏனென்றால் நீளத்துக்கு D நெடுவரிசையின் 6ஐக் கொடுத்திருக்கிறீர்கள். படத்தின் அச்சில் ஞாயிறும் ஒரு கட்டம். நீளத்துக்கு எனத் தனியே ஒரு நெடுவரிசை வேண்டும்:

```
G10: =F10-C10+1
```

இது 7 தரும். ஒரு பட்டை அடியோடு காணவில்லை என்றால் அந்தத் தேதி எழுத்தாகப் பதிந்திருக்கிறது. கணினி மாதத்தை முதலில் எழுதும் அமைப்பில் இருந்தால், 09/02/2026 செப்டம்பர் 2 ஆகிவிடும், 26/02/2026 தேதியே அல்ல என்று இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். பாதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் நின்றால் இதுதான் காரணம். `2026-02-09` என்று தட்டினால் இந்தக் குழப்பம் வராது.

எல்லாம் முடிந்ததும் நான் செய்யும் சோதனை ஒன்று. D2இல் 4ஐ 6 ஆக்குங்கள். கான்கிரீட் 13ஆம் தேதி வெள்ளிக்கு நகர வேண்டும். கைப்பிடிச் சுவர் 15 ஞாயிறைத் தாண்டி 16 திங்களுக்குப் போக வேண்டும். பிரிப்பது 28 சனிக்கிழமை தொடங்கி மார்ச் 2இல் முடிய வேண்டும். உள்பூச்சு மார்ச் 3 முதல் 9 வரை. கிரில் மட்டும் பிப்ரவரி 9இலேயே நிற்க வேண்டும். இவற்றில் எந்த வரி வேறு தேதி காட்டுகிறதோ, அந்த வரியின் முன்வேலையைப் பத்தியோடு வைத்து மறுபடி படியுங்கள். பார்த்த பிறகு D2இல் 4ஐத் திரும்ப எழுதிவிடுங்கள். ஒரு முறை நான் மறந்துபோய் அப்படியே அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன், பலகைக்காரர் இரண்டு நாள் தாமதமாக வண்டி அனுப்பினார்.